குண்டு ஏன் 45 டிகிரியில் போவதில்லை? எறிகோணமும் எறிவேகமும், கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பிளஸ் டூ உடற்கல்வித் தியரி வகுப்பில் "ஒரு பொருள் அதிக தூரம் போக எந்தக் கோணத்தில் எறிய வேண்டும்?" என்று கேட்டால், வகுப்பு முழுக்க ஒரே குரலில் "45 டிகிரி" என்று பதில் வரும். இயற்பியல் வகுப்பில் அது சரியான பதில்தான். ஆனால் குண்டு எறிதலில் உலகத் தரமான வீரர்களைப் படம்பிடித்து அளந்தால் பெரும்பாலும் 35 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது. அவர்களுக்குத் தெரியாதா என்ன? இந்த பத்து டிகிரி எங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டால், எறிதல் போட்டிகளின் பாதித் தியரி புரிந்துவிடும். அதற்காகக் குண்டு எறிதலை மட்டும் எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். வட்டும் ஈட்டியும் கடைசியில் கொஞ்சம் வரும்.

முதல் படி: கையை விட்ட பிறகு என்ன மிச்சம்?

குண்டு விரல் நுனியை விட்டு விலகிய நொடியில் மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. எவ்வளவு வேகத்தில் கிளம்பியது (எறிவேகம்), தரைக்கு எவ்வளவு சாய்வாகக் கிளம்பியது (எறிகோணம்), தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கிளம்பியது (விடும் உயரம்). அதற்கு மேல் நீங்கள் கத்தினாலும் குதித்தாலும் குண்டுக்கு ஒன்றும் ஆகாது. குண்டு சிறியது, கனமானது. அதனால் காற்றின் தடையையும் இங்கே விட்டுவிடலாம்.

இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கனமான குண்டு சீக்கிரம் விழுந்துவிடும் என்று விடைத்தாளில் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே வேகத்தில், ஒரே கோணத்தில், ஒரே உயரத்திலிருந்து கிளம்பினால் 4 கிலோ குண்டும் 7.26 கிலோ குண்டும் ஒரே இடத்தில்தான் விழும். எடை வேலை செய்வது கையில் இருக்கும்போதுதான். கனமான குண்டுக்கு அந்த வேகத்தைக் கொடுப்பதுதான் கஷ்டம்.

இரண்டாம் படி: தோட்டத்து ஹோஸ் குழாய்

வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் குழாயை எடுங்கள். குழாயைத் திருகாமல் அப்படியே வைத்துவிட்டு முனையை மட்டும் மேலே கீழே சாயுங்கள். வேகம் மாறவில்லை, கோணம் மட்டும் மாறுகிறது. ரொம்பத் தாழ்வாகப் பிடித்தால் தண்ணீர் வேகமாகப் போய் அருகிலேயே விழும். ரொம்ப நிமிர்த்தினால் வெகு நேரம் மேலேயே இருந்துவிட்டு உங்கள் தலைக்குப் பக்கத்தில் விழும். நடுவில் எங்கோ ஒரு சாய்வில் அதிக தூரம் போகும். முனையைத் தரையோடு தரையாக வைத்திருந்தால் அந்த இடம் 45 டிகிரியை ஒட்டி இருக்கும்.

இப்போது முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். சாய்வை மாற்றாமலே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு போகும். அதுதான் எறிவேகத்தின் வேலை.

கடைசியாக அதே குழாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து அதிக தூரத்துக்கு அடித்துப் பாருங்கள். கீழே நின்று பிடித்ததைவிடத் தட்டையாகப் பிடித்தால்தான் தூரம் கிடைக்கும். கீழே விழ எப்படியும் நேரம் பிடிக்கிறது. மேலே ஏற்றி நேரம் வாங்க வேண்டிய அவசியம் குறைகிறது. குண்டு எறிபவரின் தோளும் கையும் அவருக்கு ஒரு குட்டி மொட்டை மாடி. அவர் தரையிலிருந்து எறிவதில்லை, கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து எறிகிறார். காணாமல் போன பத்து டிகிரியில் ஒரு பங்கு இங்கே கிடைத்துவிட்டது.

மூன்றாம் படி: ஒரு மாணவரின் எறிதலைக் கணக்காகப் போடுவோம்

பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு மாணவர் 5 கிலோ குண்டு எறிகிறார். எறிவேகம் வினாடிக்கு 9 மீட்டர், விடும் உயரம் 1.8 மீட்டர், கோணம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

அந்த வேகத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னோக்கிய பங்கு `9 × cos 40° = 6.89`. மேல்நோக்கிய பங்கு `9 × sin 40° = 5.79`. முன்னோக்கிய பங்கைப் புவியீர்ப்பு தொடாது. அது கடைசிவரை 6.89தான். மேல்நோக்கிய பங்கை மட்டும் புவியீர்ப்பு வினாடிக்கு 9.8 வீதம் தின்றுகொண்டே வரும்.

மேலே ஏறும் நேரம் `5.79 ÷ 9.8 = 0.59` வினாடி. அதற்குள் 1.71 மீட்டர் ஏறிவிடும். கிளம்பிய 1.8 மீட்டரையும் சேர்த்தால் உச்சி தரையிலிருந்து 3.51 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து விழ 0.85 வினாடி. மொத்தம் 1.44 வினாடி காற்றில். அந்த நேரத்தில் முன்னோக்கிய வேகம் குண்டை 9.90 மீட்டர் கொண்டுபோய்விடும்.

ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறியது 1.71 மீட்டர்தான், இறங்கியது 3.51 மீட்டர். தரையிலிருந்து தரைக்கு எறிந்தால் மட்டுமே இரண்டும் சமம். 45 டிகிரி விதி பிறந்ததும் அங்கேதான்.

இதே கணக்கை வேகத்தை மாற்றாமல் மற்றக் கோணங்களுக்கும் போட்டால் இப்படி வரும்:

| கோணம் | தூரம் (வேகம் எல்லாவற்றிலும் 9) |
|---|---|
| 30° | 9.51 மீ |
| 35° | 9.80 மீ |
| 40° | 9.90 மீ |
| 45° | 9.79 மீ |

45 டிகிரியைவிட 35 டிகிரியே ஒரு சென்டிமீட்டர் அதிகம் தருகிறது. இந்த மாணவருக்கு நல்ல கோணம் 40 தான். நேராகக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் இருக்கிறது:

```
tan θ = v / √(v² + 2gh)
```

இதில் θ அதிக தூரம் தரும் கோணம், v எறிவேகம், h விடும் உயரம், g 9.8. இந்த மாணவருக்கு 39.9 டிகிரி வரும். வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில், 2.2 மீட்டர் உயரத்திலிருந்து எறியும் பெரிய வீரருக்கு 42 டிகிரி வரும். வேகம் கூடக் கூட 45-ஐ நெருங்கும். தூரம் நீளும்போது அந்த இரண்டு மீட்டர் உயரம் பெரிய விஷயமாக இருக்காது அல்லவா?

நான்காம் படி: வேகத்தைத் தொட்டுப் பாருங்கள்

மேலே உள்ள அட்டவணையில் ஐந்து டிகிரி தவறினால் எவ்வளவு நட்டம்? பத்து சென்டிமீட்டர். இப்போது கோணத்தை 40-லேயே வைத்துவிட்டு வேகத்தை மட்டும் நூற்றுக்கு ஐந்து கூட்டுங்கள், அதாவது 9-லிருந்து 9.45. தூரம் 10.76 மீட்டர். லாபம் 86 சென்டிமீட்டர். வேகம் 10 ஆனால் 11.87 மீட்டர்; கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் கூடுதல்.

காரணம் எளிது. வேகம் கூடினால் முன்னோக்கிய பங்கும் கூடுகிறது, காற்றில் இருக்கும் நேரமும் கூடுகிறது. தூரம் என்பது அந்த இரண்டின் பெருக்கல். கோணத்தைக் கூட்டினால் ஒன்று கூடும்போது இன்னொன்று குறைகிறது. ஆகவே "எறிதூரத்தை அதிகம் பாதிப்பது எது?" என்ற கேள்விக்கு வேகம் என்று எழுதுங்கள். இந்த இரண்டு எண்களையும், 10 சென்டிமீட்டர், 86 சென்டிமீட்டர் என்று பக்கத்தில் எழுதினால் திருத்துகிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஐந்தாம் படி: மிச்சமிருக்கும் ஐந்து டிகிரி

பாடநூல்கள் பலவும் வேகமாகக் கடந்துபோகும் இடம் இது. இதுவரை நாம் கோணத்தை மாற்றியபோது வேகம் மாறாது என்று வைத்துக்கொண்டோம். ஹோஸ் குழாய்க்கு அது சரி. மனித உடம்புக்குச் சரியில்லை.

ஜிம்முக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸில் 60 கிலோ தூக்குகிறவர், நின்றுகொண்டு தலைக்கு மேலே தள்ளும் ஷோல்டர் பிரஸ்ஸில் அவ்வளவு தூக்க மாட்டார். நெஞ்சுக்கு முன்னால் தள்ளுவதற்கு நம் உடம்பில் பெரிய தசைகள் இருக்கின்றன. கையை மேலே கொண்டுபோகப் போக அந்தத் தசைகளின் உதவி குறைகிறது. போதாக்குறைக்கு, மேல்நோக்கித் தள்ளும்போது குண்டின் எடையையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். எனவே கோணத்தை உயர்த்தினால் அதே முயற்சிக்கு வேகம் குறைகிறது.

நம் மாணவருக்குக் கோணம் ஐந்து டிகிரி உயரும்போதெல்லாம் வேகம் 0.15 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் இது மாறும். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான் இது. அட்டவணையை மறுபடியும் போடுவோம்:

| கோணம் | வேகம் | தூரம் |
|---|---|---|
| 30° | 9.30 | 10.02 மீ |
| 35° | 9.15 | 10.08 மீ |
| 40° | 9.00 | 9.90 மீ |
| 45° | 8.85 | 9.51 மீ |

இதோ, 35 வந்துவிட்டது. 45-ல் எறிகிறவர் அரை மீட்டருக்கு மேல் இழக்கிறார். முதல் ஐந்து டிகிரியைத் தோளின் உயரம் எடுத்துக்கொண்டது, அடுத்த ஐந்தை நம் தசைகள் எடுத்துக்கொண்டன. தலைக்கு மேலே தள்ளுவதில் நல்ல பலம் உள்ள ஒருவருக்கு இது 37 ஆகலாம், இன்னொருவருக்கு 32 ஆகலாம். எல்லோருக்கும் ஒரே எண்ணைத் திணிக்கிற பயிற்சியாளரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆறாம் படி: மைதானத்தில் அளப்பது

கோணமானி வேண்டாம். அளவு டேப், ஒரு செல்போன் போதும். மாணவர் எறியும் வட்டத்துக்குப் பக்கவாட்டில், எறியும் திசைக்குச் செங்குத்தாகப் போனை நிறுத்தி, குண்டு கையை விடுவதும் தரையில் விழுவதும் இரண்டும் சட்டகத்துக்குள் வருமாறு படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, விட்ட நொடியிலிருந்து விழுந்த நொடி வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 45 ஃபிரேம் 1.5 வினாடி. இனி மூன்றாம் படியைத் தலைகீழாகப் போட்டால் போதும்.

```
முன்னோக்கிய வேகம் = D ÷ T
மேல்நோக்கிய வேகம் = (4.9 × T × T − h) ÷ T
```

D என்பது குண்டு காற்றில் கடந்த தூரம், T நேரம், h விடும் உயரம். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. போட்டியில் அளக்கும் தூரம் வட்டத்தின் உள்விளிம்பிலிருந்து தொடங்குகிறது. ஆனால் மாணவர் முன்னால் சாய்ந்து எறிவதால் கை தடுப்புப் பலகையைத் தாண்டித்தான் குண்டை விடுகிறது. முப்பது சென்டிமீட்டர் தாண்டியிருந்தால் டேப்பில் 9.60 வந்தாலும் D 9.30தான்.

அந்த எண்களையே போட்டுப் பார்ப்போம். D 9.30, T 1.5, h 1.8. முன்னோக்கிய வேகம் 6.20. மேல்நோக்கிய வேகம் 6.15. இரண்டும் கிட்டத்தட்டச் சமம், அதாவது கோணம் 45-ஐ ஒட்டி இருக்கிறது. எறிவேகம் 8.73. நம் ஐந்தாம் படி சொன்னதுபோல, மாணவர் மேலே பார்த்துத் தள்ளியதில் வேகம் போய்விட்டது. சில வாரம் திருத்தியபின் D 9.90, T 1.35 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிய வேகம் 7.33, மேல்நோக்கியது 5.28, கோணம் 36, எறிவேகம் 9.04. காற்றில் இருந்த நேரம் குறைந்தும் தூரம் கூடியிருக்கிறது.

இதைக் கை ஸ்டாப்வாட்சில் செய்யாதீர்கள். நேரத்தில் 0.1 வினாடி பிசகினால் கோணம் ஐந்து டிகிரி பிசகிவிடும். விரலால் அழுத்தும்போது அந்த அளவு பிசகு சர்வ சாதாரணம். போனில் ஒரு ஃபிரேம் தவறினால் ஒன்றரை டிகிரி வரைதான் தவறும். ஸ்லோ மோஷனில் எடுத்தால் அதுவும் இல்லை.

இன்னொரு தவறு: வீடியோவை நிறுத்தி, மாணவரின் கை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பார்த்து அதையே எறிகோணம் என்று எழுதுவது. கையின் சாய்வு வேறு, குண்டு போகும் பாதையின் சாய்வு வேறு. கையை உடம்பும் முன்னால் நகர்த்திக்கொண்டிருப்பதால் குண்டின் பாதை கையைவிடத் தட்டையாக இருக்கும். குண்டு கையை விட்ட முதல் இரண்டு மூன்று ஃபிரேம்களில் குண்டை மட்டும் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள்.

ஏழாம் படி: கயிறு கட்டித் திருத்துவது

"கோணத்தைக் குறை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது. கண்ணுக்கு ஓர் இலக்கு வேண்டும். 35 டிகிரியில் 9.15 வேகத்தில் போகும் குண்டின் உச்சி, கையிலிருந்து 4 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 3.2 மீட்டர் உயரத்தில் வருகிறது. அங்கே இரண்டு மூங்கில் கம்பு நட்டு அந்த உயரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள், நடுவில் ஒரு துணியையும் தொங்கவிடுங்கள். குண்டு கயிற்றை உரசினாற்போல் போக வேண்டும். முன்பு பார்த்த 45 டிகிரி எறிதல் அதே இடத்தில் 3.7 மீட்டர் உயரத்தில் போகும். அரை மீட்டர் இடைவெளி வெறும் கண்ணுக்கே தெரியும். 25 டிகிரி என்றால் கயிற்றுக்கு அரை மீட்டருக்கு மேல் கீழே போகும். எறியும் திசையில் யாரும் நிற்கக் கூடாது, கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் கூடாது. கம்பைத் தரையில் ஆழமாக நட்டுவிடுங்கள்.

குண்டு கயிற்றுக்கு மேலே போகிறவரைப் பார்த்தால், பெரும்பாலும் விடும்போது தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே போகிறவருக்கு முன்கால் முட்டி மடிந்து உடம்பு இறங்கியிருக்கும், அல்லது குண்டைத் தள்ளுவதற்கு முன்பே தலை ஒரு பக்கமாகக் கவிழ்ந்திருக்கும். முழங்கை குண்டுக்குப் பின்னால் இல்லாமல் கீழே தொங்குவதும் அடிக்கடி நடக்கும். அதில் கோணமும் கெடும், முழங்கையும் வலிக்கும். எதைத் திருத்தினாலும் வேகத்தையும் அளந்துகொண்டே இருங்கள். கயிற்றைத் தொட வேண்டும் என்பதற்காக மெதுவாக வைத்து எறிந்தால் கோணம் சரியாகும், தூரம் போய்விடும்.

மற்ற மூன்று போட்டிகள்

சம்மட்டி எறிதலுக்கு இதே கணக்கு ஓரளவு பொருந்தும். தூரம் 80 மீட்டரை ஒட்டி இருப்பதால் விடும் உயரம் பொருட்டில்லை. வேகம் சுழற்சியில் சேர்வதால் மேலே தள்ளும் பிரச்சினையும் அவ்வளவாக இல்லை. எனவே கோணம் குண்டைவிட உயர்ந்து 45-ஐ நோக்கி நகர்கிறது. சோவியத் யூனியனின் யூரி செதிக் 1986-ல் எறிந்த 86.74 மீட்டர் இன்றும் உலக சாதனை. தரையிலிருந்து தரைக்கு, 45 டிகிரி, காற்றில்லை என்று வைத்து `√(86.74 × 9.8)` போட்டுப் பாருங்கள். வினாடிக்குச் சுமார் 29 மீட்டர் வரும்.

வட்டுக்கும் ஈட்டிக்கும் இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். அவை காற்றில் மிதந்து போகின்றன. அங்கே இரண்டு கோணங்கள் உண்டு: பொருள் போகும் பாதையின் சாய்வு ஒன்று, பொருளே எந்தச் சாய்வில் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதானால் காற்று மேலே தூக்கிப் பின்னால் தள்ளிவிடும். ஈட்டியின் மூக்கு நிமிர்ந்து, வேகம் செத்து, வால் முதலில் விழும் எறிதல்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். வட்டுக்கு எதிர்க்காற்று மிதமாக இருந்தால் நல்லது என்று சொல்வதும் இதனால்தான். தூக்கும் விசை கூடுகிறது.

ஈட்டி எவ்வளவு மிதக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1984-ல் கிழக்கு ஜெர்மனியின் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். ஈட்டி மைதானத்தின் மறுமுனை வரை போகத் தொடங்கிவிட்டது. தரையில் தட்டையாக விழுந்து, முனை முதலில் பட்டதா இல்லையா என்ற தகராறும் நீண்ட நாளாக இருந்தது. 1986-லிருந்து ஆண்கள் ஈட்டியின் புவியீர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிவிட்டார்கள். முனை முன்கூட்டியே கவிழ்ந்தது, தூரம் சட்டென்று குறைந்தது. எடை அதே 800 கிராம். எறிந்த கைகளும் பெரும்பாலும் அதே கைகள்தான்.